கவரைக் கட்டிவிட்டுத்தான் எடை போடுவீர்களா?

ஒரு முழுக்கோழி. தோலோடு, துண்டு போடாமல். நான் கேட்டது இவ்வளவுதான். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

அக்கா பையன் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், வீட்டிலேயே ஓவனில் வைத்து முழுக்கோழி சுட்டுத் தரச்சொல்லி. சரி என்று காலை ஒன்பது மணிக்கு வழக்கமாகப் போகும் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் முறை வந்ததும் சொன்னேன். கடைப் பையன் நிமிரக்கூட இல்லை. "தோலோடயா சார், இருக்கு" என்று குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த தெர்மாகோல் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு கோழியைத் தூக்கினான். தூக்கிய கையோடு கறுப்புக் கவரில் போட்டான், வாயை முறுக்கினான், தராசில் வைத்தான். 1.620. கிலோ 280 ரூபாய், மொத்தம் 454. கோழியை நான் பார்ப்பதற்கு முன்னால் அதன் விலையைப் பார்த்துவிட்டேன்.

"கொஞ்சம் திறந்து காட்டுப்பா" என்றேன். "காலைல வெட்டினது சார், ஃப்ரெஷ்ஷு" என்றான். "பார்த்துட்டுத் தர்றேனே" என்றேன். அதற்குள் பின்னால் இருந்து ஒருவர் "சார், வாங்கிட்டு நகருங்க சார், வேலை இருக்கு" என்று குரல் கொடுக்கிறார். எல்லாருக்கும்தான் வேலை இருக்கிறது. 454 ரூபாய் கொடுக்கிறவன் பொருளைக் கண்ணால் பார்க்கக் கூடாதா? முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம், வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம், தேங்காயைக் காதில் வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கோழியைத் தொட்டால் மட்டும் கடையே நின்றுபோன மாதிரி ஆளாளுக்கு முகம் சுளிக்கிறார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துக் கவரைப் பிரித்தேன். முதலில் வந்தது தண்ணீர், பிறகு ஐஸ் கட்டி. கோழியின் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் வயிற்றுக்குள் இருந்து இன்னும் ஐஸ் கட்டிகள் பொலபொலவென்று விழுகின்றன. நன்றாக வடியவிட்டு எங்கள் சமையலறைத் தராசில் வைத்தேன். 1.390. அதாவது 230 கிராம் தண்ணீருக்கும் ஐஸுக்கும் நான் கொடுத்தது 64 ரூபாய். இருபது லிட்டர் தண்ணீர் கேனே அதைவிட மலிவு.

பணம்கூடப் போகட்டும். அம்மா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கழுத்துத் தோலை விரித்தார். பிறகு இறக்கையைத் தூக்கினார், நுனியைத் திருப்பினார். "இது இன்னைக்கு வெட்டினதும் இல்ல, ஒழுங்கா வெட்டினதும் இல்ல" என்றார். அவர் காட்டியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒழுங்காக அறுத்து ரத்தம் முழுதாக வடிந்த கோழியின் தோல் வெளுப்பாக, இல்லையென்றால் லேசான மஞ்சளாக, எங்கும் ஒரே சீராக இருக்கும். இந்தக் கோழிக்குக் கழுத்தைச் சுற்றியும், இறக்கை நுனியிலும், வால் பக்கமும் தோல் கருஞ்சிவப்பாக இருந்தது. இறக்கைக்கு அடியில் நரம்பு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. ரத்தம் உள்ளேயே நின்றுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அறுத்ததும் வடியவிடாமல் அவசரமாகச் சுடுதண்ணீரில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் கூண்டில் தானாகச் செத்துப்போனதை எடுத்து வெட்டியிருப்பார்கள். இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டுமே என் வீட்டு அடுப்புக்கு வரக் கூடாதவை.

சிலர் ஒரு சின்னச் சிவப்பைப் பார்த்தாலே கோழியைத் தள்ளிவிடுவார்கள். அது தேவையில்லை. தொடையிலோ நெஞ்சிலோ ஒரே ஒரு இடத்தில் திட்டாகச் சிவந்திருந்தால் அது வண்டியில் ஏற்றும்போதோ பிடிக்கும்போதோ பட்ட அடி. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதும். கழுத்து, இறக்கை, வால் என்று ஓரங்கள் எல்லாம் சேர்ந்து சிவந்திருந்தால்தான் வேண்டாம் என்று வைத்துவிட வேண்டும். வயிற்றுத் தோலில் பச்சை படர்ந்திருந்தால் பேச்சே இல்லை, அது உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது.

இதைக் கடையிலேயே ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். மேலே மஞ்சள் பூசியிருந்தார்கள்! தோலோடு கேட்டால் மஞ்சள் தடவித் தருவது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். நாட்டுக்கோழியை நம் எதிரிலேயே வாட்டி மஞ்சள் தடவித் தருவது வேறு. பெட்டிக்குள் கிடக்கும் கோழிக்கு ஏற்கெனவே மஞ்சள் பூசியிருந்தால் விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மக்காச்சோளத் தீனி தின்று வந்த மஞ்சள் என்றால் விரலில் ஒட்டாது. பூசிய மஞ்சள் விரலோடு வந்துவிடும், அதற்கு அடியில் தோல் என்ன நிறம் என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் வாடை. கடையில் எனக்கு ஒரு வாடையும் வரவில்லை, அதுதான் கொடுமை. ஐஸில் கிடக்கும் எதுவும் அவ்வளவாக மணக்காது, குளிர் அடக்கி வைத்திருக்கும். வீட்டில் இருபது நிமிடம் தட்டில் இருந்த பிறகு அம்மா வயிற்றுக்குள் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். நல்ல கோழிக்கு லேசான பச்சைக் கவுச்சி இருக்கும், அவ்வளவுதான். இது புளித்த மாவு மாதிரி, அதற்குப் பின்னால் கூமுட்டை மாதிரி ஒரு வாடை. வெளித்தோலை முகர்ந்து ஒன்றும் ஆகாது, அதைத்தான் கழுவிக் கழுவி வைத்திருக்கிறார்களே. முகர வேண்டியது குடல் எடுத்த வயிற்றுக்குள், அடுத்தது இறக்கை மடிப்புக்குள். கழுவுகிற கை அங்கே ஒழுங்காகப் போயிருக்காது, கெடுவதும் அங்கேதான் முதலில் தெரியும்.

தொட்டுப் பார்த்தபோது இன்னும் தெளிவாகிவிட்டது. ஈரம் வேறு, பிசுபிசுப்பு வேறு. ஐஸில் இருந்து எடுத்த கோழி ஈரமாக இருக்கும், அதில் தப்பில்லை. ஒரு துணியால் துடைத்தால் தோல் உலர்ந்துவிட வேண்டும். இதைத் துடைத்துவிட்டு இறக்கை மடிப்பில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்துத் தேய்த்துப் பிரித்தால் நடுவில் மெல்லிய நூல் மாதிரி இழுபடுகிறது. மறுபடி துடைத்தேன், மறுபடி இழுபட்டது. கிருமி பெருகி வந்த வழவழப்பு அப்படித்தான், கழுவினாலும் முழுதாகப் போகாது. மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்கிறார். அத்தை, வாடை போகும், கெட்டது கெட்டதுதான். நெஞ்சுச் சதையை விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. நல்ல சதை என்றால் விரலை எடுத்த உடனே எழும்பி வரும்.

கோழியைக் கவரில் போட்டுக்கொண்டு திரும்பிக் கடைக்குப் போனேன். முதலாளி இருந்தார். எடுத்த எடுப்பில் அவர் சொன்னது: "வெளியில வெச்சிருப்பீங்க சார்." நாற்பது நிமிடத்தில்! நாற்பது நிமிடம் வெளியில் இருந்தால் இறக்கை நுனியில் ரத்தம் கட்டுமா? கழுத்து கருஞ்சிவப்பாகுமா? இறக்கையை விரித்து அவர் மேசை மேலேயே வைத்துக் காட்டினேன். காலையில் "நகருங்க சார்" என்ற ரகத்தில் ஒருவர் இப்போதும் பின்னால் நின்றார், அவரும் எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் கவரையும் பிரித்தார். அதன் பிறகுதான் முதலாளி "உயிர்க்கோழி புடிச்சித் தரேன் சார்" என்று இறங்கி வந்தார்.

இந்த முறை நகரவில்லை. கூண்டில் இருந்து பிடித்ததை முதலில் உயிரோடு நிறுத்தேன், 2.050. அறுத்து, ரத்தம் வடியும் வரை நின்று பார்த்து, இறகு எடுத்து, குடல் எடுத்து, கழுவி வடியவிட்டு மறுபடி தராசில் வைத்தால் 1.450. தோலோடு எடுத்தால் உயிர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு நிற்கும். தோலை உரித்துவிட்டால் இன்னும் நூறு, நூற்றைம்பது கிராம் குறையும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும், உயிர் எடைக்கு விற்கிறவர், கறி எடைக்கு விற்கிறவர் யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். நெஞ்செலும்பின் கீழ் நுனியை விரலால் வளைத்துப் பார்த்தேன், குருத்தாக வளைந்தது, இளங்கோழி. முட்டையிட்டு ஓய்ந்த கோழி என்றால் அந்த நுனி எலும்பாக இறுகி, வளையாமல் நிற்கும். அதைக் குழம்பில் போட்டு நெடுநேரம் வேகவைக்கலாம், முழுசாகச் சுட்டால் மெல்ல முடியாது.

ஈரல், கழுத்து எல்லாம் கேட்டு வாங்கினேன். முதல் கோழியில் அதுவும் இல்லை, இப்போதுதான் நினைவு வந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் கோழி விறைக்க ஆரம்பித்துவிட்டது. அது கெட்டதல்ல, அறுத்த கோழி கொஞ்ச நேரத்தில் விறைக்கும், சில மணி நேரத்தில் தளரும். விறைத்திருக்கும்போது சுட்டால் ரப்பர் மாதிரி இருக்கும் என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சாம்பாரும் அப்பளமும். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராத்திரி எட்டரைக்குத்தான் கோழி தட்டுக்கு வந்தது. ஒரு தொடையைப் பிய்த்துத் தின்றுவிட்டு "மாமா, அடுத்த வாரமும்" என்கிறான். அடுத்த வாரமுமா! அவனைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, திட்டத் தெம்பு இல்லை.

இதில் வருகிற வழியில் காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கேட்டேன். முந்நூறு ரூபாய்க்குக் காய் வாங்கியிருக்கிறேன். "பத்து ரூபாய் சார்" என்கிறார். கறிவேப்பிலைக்கு எப்போது சார் காசு வாங்க ஆரம்பித்தீர்கள்?