1 மோலார் அமிலம்: தண்ணீரை அளந்து ஊற்றினால் கணக்கு தப்பும்

"12 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 1 மோலார் கரைசல் 250 மில்லி வேணும்னா, 20.8 மில்லி அமிலத்தோட 250 மில்லி தண்ணீர் சேர்த்தா போதும்."

தவறு. கொழிஞ்சாம்பாறை பக்கத்து பிளஸ் டூ பிள்ளைகளிடம் சுற்றிவரும் இந்தக் குறிப்பில் 20.8 மட்டும் சரி:

```
M1 × V1 = M2 × V2
V1 = 1 × 250 / 12 = 20.8 mL
```

இங்கே V2 என்பது கரைசலின் மொத்தக் கன அளவு, சேர்க்கும் தண்ணீர் அல்ல. 250 மில்லி தண்ணீரையும் ஊற்றினால் மொத்தம் ஏறக்குறைய 270.8 மில்லி ஆகும்; செறிவு 0.92 மோலாராக இறங்கிவிடும். சம்பாரம் கலக்க அது போதும், தரம்பார்த்தலுக்குப் போதாது. 20 மில்லி 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 20 மில்லி ஆக வேண்டிய அமிலம் 21.7 மில்லி ஆகும்போது பிழை தெரிந்துவிடும்.

கோடு போட்ட 250 மில்லி குடுவையில் முதலில் பாதியளவு காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் அமிலத்தைச் சிறுகச் சிறுக விடவும், புகைக்கூண்டுக்குள்; அமிலத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். குடுவை ஆறிய பிறகே கோடுவரை நிரப்ப வேண்டும். சூடாக இருக்கும்போதே நிரப்பினால், ஆறியதும் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கும். கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் பார்க்கவும்.

கோட்டைத் தாண்டிவிட்டதா? மேலே இருப்பதை உறிஞ்சி எடுத்துப் பயனில்லை. அமிலமும் சேர்ந்தே போகும். புதிதாகத்தான் தயாரிக்க வேண்டும்.