முப்பத்தோராம் தேதியை விழுங்கிய BETWEEN

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பணம் போனதாலோ வேலை போனதாலோ அல்ல. நியாயம் கேட்டு வந்த ஒரு மனிதரிடம் நான் திமிராகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தத் திமிரை எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு வரி SQL.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கமிருந்து பெட்டி ஏற்றி வரும் லாரிகளுக்கு நடைக்கு 3,000 ரூபாய் கூலி. மாதம் முடிந்ததும் நடைகளை எண்ணி, வண்டிக்கு நாம் போட்ட டீசலைக் கழித்து, மீதியை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவர் வந்தார். ஒற்றை லாரிக்காரர், எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் பாதி வாழ்நாளைக் கழித்தவர். நான்கு கேட் சீட்டுகளை மேசையில் பரப்பினார்.

"தம்பி, ஜூலை 31ஆம் தேதி நான்கு நடை அடித்தேன். ஒரு நடைக்குத்தான் கூலி போட்டிருக்கிறாய். டீசலை மட்டும் நான்கு நடைக்கும் பிடித்திருக்கிறாய். இது எந்த ஊர் நியாயம்?"

திரையைப் பார்த்தேன். 31ஆம் தேதியில் அவருடைய ஒரு நடை இருந்தது. "அண்ணே, அந்தத் தேதி கணக்கில் வந்திருக்கிறது பாருங்கள். விட்டுப்போயிருந்தால் நாள் முழுவதும்தானே விட்டுப்போயிருக்கும்? சீட்டை இன்னொரு முறை சரிபாருங்கள்" என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு சொல்கூடத் திருப்பிப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாயங்காலம் மனம் கேட்காமல் ரிப்போர்ட்டின் உள்ளே போய்ப் பார்த்தேன். இதுதான் அங்கே உட்கார்ந்திருந்தது:

```sql
SELECT truck_no, COUNT(*)
FROM trips
WHERE gate_in BETWEEN '2025-07-01' AND '2025-07-31'
GROUP BY truck_no;
```

படித்துப் பாருங்கள், எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஜூலை 1 முதல் 31 வரை. நம் மொழியில் '31 வரை' என்றால் அன்று இரவு பன்னிரண்டு மணி அடிக்கும் வரை. அந்த அர்த்தத்தில்தான் நானும் மூன்று ஆண்டுகளாக இதைப் படித்துக்கொண்டிருந்தேன். `gate_in` நேரமும் சேர்ந்த பத்தி. அதோடு வெறும் தேதியை ஒப்பிட்டால், அந்தத் தேதிக்கு 00:00:00 என்ற நேரத்தை டேட்டாபேஸ் தானே ஒட்டிவிடும். BETWEEN இரண்டு எல்லைகளையும் சேர்த்துக்கொள்வது உண்மைதான். ஆனால் இங்கே அந்த மேல் எல்லை 31ஆம் தேதி பிறக்கும் கணம். அந்த நாளின் வாசற்படியில் கால் வைத்ததுமே கணக்கு நின்றுவிடுகிறது. காலை 6 மணிக்கு வந்த லாரி அதன் கண்ணுக்கு எல்லை தாண்டிய லாரி.

அப்படியானால் அண்ணனின் ஒரு நடை மட்டும் எப்படி வந்தது? என்னை ஏமாற்றியதே அதுதான். அன்று விடியற்காலையில் கேட் கேமரா படுத்துவிட்டது. காவலாளி நோட்டில் எழுதி வைத்ததைப் பிறகு ஒருவர் கையால் ஏற்றியிருக்கிறார், நேரம் போடாமல், தேதியை மட்டும். அது 00:00:00 என்று பதிவாகி, எல்லைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து உள்ளே வந்துவிட்டது. நாள்வாரியாக எண்ணிப் பார்த்தேன். ரிப்போர்ட்டின் கணக்கில் 30ஆம் தேதிக்கு 41 நடை, 31ஆம் தேதிக்கு 1. வரம்பு எதுவும் போடாமல் முழு அட்டவணையில் எண்ணினால் 31ஆம் தேதிக்கு 38. ஆக 37 நடை, 1,11,000 ரூபாய் காணவில்லை. 31ஆம் தேதி ஒரேயடியாக வராமல் இருந்திருந்தால் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். அந்த ஒற்றைப் பதிவு பொய்ச்சாட்சி சொல்லிக் காப்பாற்றிவிட்டது.

டீசல் விஷயம்தான் வயிற்றைக் கலக்கியது. டீசல் அட்டவணையில் தேதிப் பத்தியின் வகை `DATE`. அதில் நேரமே கிடையாது. அங்கே இதே BETWEEN மிகச் சரியாக வேலை செய்து, 31ஆம் தேதி டீசலைக் கடைசிச் சொட்டு வரை பிடித்தம் செய்திருக்கிறது. கொடுக்க வேண்டியதில் ஒரு நாள் குறைவு, பிடிக்க வேண்டியதில் குறைவே இல்லை. திட்டமிட்டுத் திருடினால்கூட இவ்வளவு நேர்த்தியாக வராது!

இது முன்பு சரியாக இருந்தது எப்படி என்று தோண்டினேன். ஜூன் நடுவில் கேட்டில் கேமரா வைத்தபோது `gate_in` பத்தியை `DATE` வகையிலிருந்து `DATETIME(3)` ஆக மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவருக்கு ரிப்போர்ட் நினைவில்லை. ரிப்போர்ட்டும் எந்தப் பிழையும் காட்டவில்லை. ஜூன் 30க்கும் அதே கதி. அப்போது யாரும் வாய் திறக்காததற்குக் காரணம் கேட்டேன். "கடைசி நாள் நடை அடுத்த மாதப் பட்டியலில் ஏறும் என்று நினைத்தோம்" என்றார் ஒரு டிரைவர். ஏறாது ஐயா! அடுத்த மாதக் கணக்கு 1ஆம் தேதி 00:00:00க்குத்தான் தொடங்குகிறது. 31ஆம் தேதி பகலில் வந்த லாரி ஜூலையிலும் இல்லை, ஆகஸ்டிலும் இல்லை.

இதற்குப் பிறகும் என் கோபம் அடங்காததற்குக் காரணம் எங்கள் சீனியர். விஷயத்தைச் சொன்னதும் தலையைக்கூட நிமிர்த்தாமல், "கடைசியில் 23:59:59 சேர்த்துவிடு" என்றார். கேட் நேரம் மில்லி நொடியில் பதிவாகிறது. 23:59:59.412க்கு நுழையும் லாரியை யார் எண்ணுவது? "ஒரு நொடியில் எந்த லாரி வரப்போகிறது?" என்று சிரித்தார். நள்ளிரவில் இந்தச் சாலையில் நின்று பார்த்தவர் கேட்கிற கேள்வியா இது? 37 நடை காணாமல் போனாலாவது ஒருவர் சீட்டோடு வந்து நிற்பார். ஆறு மாதத்துக்கு ஒரு நடை போனால் யார் நம்புவார்கள்?

சரி, .999 சேர்க்கலாம் என்றார் அடுத்து. எங்கள் மைஎஸ்கியூஎல் பத்தியில் இன்று அது பொருந்தும். நாளை ஒருவர் `DATETIME(6)` ஆக்கினால் மறுபடி ஓட்டை. எஸ்கியூஎல் சர்வரின் பழைய `datetime` வகையிலோ .999 மேல்நோக்கி முழுமையாகி அடுத்த நாள் 00:00:00 ஆகிவிடும். அங்கே அடுத்த மாதத்தின் முதல் கணம் உள்ளே வந்துவிடும். `DATE(gate_in)` என்று சுற்றிவிட்டால் விடை சரியாக வரும், மறுக்கவில்லை. ஆனால் `gate_in` மீது போட்டு வைத்திருக்கும் இண்டெக்ஸ் பயன்படாமல், பல ஆண்டுகளின் நடைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டும்.

நாளின் கடைசிக் கணத்தைத் தேடி ஏன் ஓட வேண்டும்? அடுத்த நாளின் முதல் கணம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே.

```sql
WHERE gate_in >= '2025-07-01'
  AND gate_in <  '2025-08-01'
```

இரண்டாவது வரியில் சமக்குறி கிடையாது. மில்லி நொடியோ மைக்ரோ நொடியோ, எது வந்தாலும் ஜூலைக்கு உரியது ஜூலையில் விழும். மாதம் 30 நாளா 31 நாளா என்ற கவலையும் போய்விடும்.

நேற்று தண்டையார்பேட்டைக்கு நேரில் போய் 9,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு அண்ணன் ஒன்று சொன்னார். "ஜூன் 30க்கும் இரண்டு சீட்டு இருக்கிறது தம்பி. அன்றைக்கே கேட்கலாம் என்றுதான் இருந்தேன், நீ சண்டைக்கு வருவாயோ என்று விட்டுவிட்டேன்."

அலுவலகத்துக்குத் திரும்பி BETWEEN என்று தேடினேன். இன்னும் பதினான்கு ரிப்போர்ட்டில் இருக்கிறது. மூன்றை முடித்திருக்கிறேன்.