பெயரை மறைத்தாலும் உடல் சொல்லும்: பழைய சோனி ஏ7-ஐ அடையாளம் காண்பதும் விலை சொல்வதும்

பழைய கேமரா ஒன்றின் படத்தை அனுப்பி "இதற்கு என்ன விலை கொடுக்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. கேமராவின் மேற்பகுதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்வேன். விற்பவர் எழுதியிருக்கும் பெயர் பல நேரங்களில் தவறாக இருக்கிறது. அது எப்போதும் ஏமாற்று வேலை அல்ல. தான் விற்பது எது என்று விற்பவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. சோனியின் ஏ7 வரிசையில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் உடன்பிறப்புகளைப் போலவே இருக்கும்.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் எனக்கு மூன்று படங்கள் அனுப்பினார். விற்பவர் "ஏ7 2, முழு ஃபிரேம், நல்ல நிலை" என்று எழுதியிருந்தார். முன்பக்கத்தில் பெயர் பொறித்த இடங்களில் எல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. வெளியிடங்களில் படமெடுப்பவர்கள் கவனத்தை ஈர்க்காமல் இருக்க இப்படி ஒட்டுவது வழக்கம் என்பதால் அதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை. டேப்புக்கு அடியில் இருக்கும் எழுத்தை நம்புவதைவிட, மறைக்க முடியாத பாகங்களைப் பார்ப்பதே எப்போதும் என் வழக்கம்.

முதலில் கேமராவின் மேலே வியூஃபைண்டர் புடைத்து நிற்கும் திமிலைப் பார்த்தேன். கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் கேமராக்களில் வியூஃபைண்டர் திமிலுக்குள் ஒரு பெரிய பட்டகமோ கண்ணாடித் தொகுதியோ இருப்பதால் திமில் அகன்று தடித்திருக்கும். ஏ7 வரிசையில் உள்ளே இருப்பது ஒரு சிறிய மின்னணுத் திரை மட்டுமே. ஆகவே திமில் குறுகி, கூர்மையான மடிப்புகளோடு, லென்ஸுக்கு நேர் மேலே நிற்கும். திமில் வரிசையைச் சொல்லுமே தவிர, எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லாது. அதற்கு இடப்புறத் தோள் ஓரளவு உதவும். ஏ7 என்றால் அந்தத் தோள் மொட்டையாக இருக்கும். அங்கே ஒரு டயல் இருந்தால் அது ஏ9 பக்கத்து உறவு. படத்தில் தோள் மொட்டையாகவே இருந்தது.

அடுத்தது பிடி. இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் அளவைப் பார்க்கிறார்கள். 2013-இல் வந்த முதல் ஏ7-உம் 2014-இன் இறுதியில் வந்த ஏ7 2-உம் 126.9 மில்லிமீட்டர் என்ற ஒரே அகலம் கொண்டவை. நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் அகலத்தை ஒப்பிட்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. வேறுபாடு ஆழத்தில் இருக்கிறது: முதலாவது 48.2 மில்லிமீட்டர், இரண்டாவது 59.7. அந்தக் கூடுதல் ஆழத்தில் பெரும்பகுதி பிடிக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் பக்கவாட்டுப் படத்தை யாரும் அனுப்புவதில்லை. அதனால் பிடியின் பருமனைவிட அதன் உச்சியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்பதே எளிது. முதல் ஏ7-இல் ஷட்டர் பொத்தான் கேமராவின் தட்டையான மேற்பரப்பில், உள்ளே தள்ளி இருக்கும். முன் டயல் அதற்கு முன்னால், மேல் விளிம்பில் எட்டிப் பார்க்கும். இரண்டாம் தலைமுறையில் ஷட்டர் பொத்தானே பிடியின் உச்சிக்கு முன்னேறிச் சற்றுச் சாய்ந்துவிட்டது. முன் டயல் அதற்குக் கீழே பிடிக்குள் புதைந்திருக்கிறது. மங்கலான படத்திலும் இது தெரியும். நண்பர் அனுப்பிய படத்தில் பொத்தான் பிடியின் மேல் இருந்தது. ஆகவே முதல் தலைமுறை இல்லை என்பது உறுதியாயிற்று.

மூன்றாம் தலைமுறையாக, அதாவது 2018-இல் வந்த ஏ7 3-ஆக இருக்குமோ என்பதை முன்பக்கம் சொல்லாது. பின்பக்கம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஏ7 3-இல் கட்டைவிரலுக்கு அருகே ஒரு சிறு ஜாய்ஸ்டிக் முளைத்திருக்கும். வீடியோப் பதிவுப் பொத்தானும் வியூஃபைண்டரின் பக்கத்துக்கு வந்திருக்கும். முந்தைய இரு தலைமுறைகளிலும் ஜாய்ஸ்டிக் கிடையாது. அந்தச் சிவப்புப் பொத்தான் வலப்புற ஓரத்தில், விரல் எட்டச் சிரமப்படும் மூலையில் கிடக்கும். (அதை அங்கே வைத்தவர் ஒரு நாளாவது அதைக் கொண்டு வீடியோ எடுத்திருப்பாரா என்பது என் நெடுநாள் ஐயம்.) நண்பரின் இரண்டாவது படத்தில் ஜாய்ஸ்டிக் இல்லை.

இதுவரை விற்பவர் சொன்னது சரிதான் என்று தோன்றியது. ஆனால் மூன்றாவது படத்தில், மேலிருந்து பார்க்கையில், மோட் டயலின் நடுவில் ஒரு சிறிய வட்டப் பொத்தான் இருந்தது. அது பூட்டு, அதை அழுத்தினால்தான் டயல் திரும்பும். ஏ7 2-இல் அந்தப் பூட்டு கிடையாது, அதன் டயலின் நடு வெறுமையாக இருக்கும். 2015-இல் வந்த ஏ7 ஆர் 2, ஏ7 எஸ் 2 ஆகிய இரண்டிலும்தான் அது உண்டு. அதாவது விற்பவர் தன் கையில் இருப்பதைவிட மலிவான கேமராவின் பெயரை எழுதியிருந்தார்.

ஆரா எஸ்ஸா என்பதை டயலும் பிடியும் திமிலும் சொல்லாது. இரண்டும் வெளித்தோற்றத்தில் இரட்டையர். வெளித்தோற்றத்தை வைத்து அடையாளம் காண்பதன் எல்லை இதுதான். முதல் தலைமுறையிலும் இதே கதைதான்: ஏ7, ஏ7 ஆர், ஏ7 எஸ் மூன்றையும் பெயரை மறைத்துவிட்டால் டயல்களைக் கொண்டு பிரிக்க முடியாது. ஆகவே கேமராவிலிருந்து நேரடியாக எடுத்த, எதிலும் திருத்தாத ஒரு அசல் கோப்பை வாங்கும்படி நண்பரிடம் சொன்னேன். முழு அளவில் எடுத்த ஏ7 2-இன் படம் 6000 × 4000 பிக்சல். ஏ7 எஸ் 2-இன் படம் 4240 × 2832. ஏ7 ஆர் 2-இன் படம் 7952 × 5304. வந்த கோப்பு 7952 × 5304. கோப்பின் உள்விவரத்தில் ILCE-7RM2 என்ற மாடல் எண்ணும் இருந்தது.

படத்தைப் பார்க்கும்போது ஏமாறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியை மிக அருகில் வைத்து எடுத்தால் திமிலும் பிடியும் உண்மையைவிடப் பெரிதாக ஊதித் தெரியும். கேமராவைச் சுற்றி உலோகக் கூண்டோ, கீழே பேட்டரி கிரிப்போ மாட்டியிருந்தால் பருமனை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஷட்டர் பொத்தானின் இடம், மோட் டயலின் நடுப்பகுதி, ஜாய்ஸ்டிக் ஆகிய மூன்றும் இந்தச் சிதைவுகளால் மாறுவதில்லை.

இனி விலை. வெளியீட்டு விலையைக் காட்டிப் பேரம் பேசுவதை நான் ஏற்பதில்லை. முதல் ஏ7-உம் ஏ7 2-உம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 டாலர் என்ற ஒரே விலைக்குத்தான் அறிமுகமாயின; இன்று இரண்டும் ஒரே விலைக்குப் போவதில்லை. விற்பவர்கள் கேட்கும் விலையும் அளவுகோல் ஆகாது, ஏனென்றால் விற்காமல் மாதக்கணக்கில் கிடப்பவைதான் கண்ணில் அதிகம் படும். உண்மையில் விற்று முடிந்த பத்துப் பன்னிரண்டு விலைகளைத் திரட்டி, உத்தரவாதத்தோடு கடையில் விற்றவற்றையும் லென்ஸோடு சேர்த்து விற்றவற்றையும் தள்ளிவிட்டு, மிச்சத்தின் நடுவிலையை எடுக்க வேண்டும். சராசரி வேண்டாம், ஒரு பேராசைக்காரர் அதைக் கெடுத்துவிடுவார்.

நல்ல நிலையில், ஒரு பேட்டரியோடு உள்ள ஏ7 2-இன் நடுவிலையை 100 என்று வைத்துக்கொள்வோம். என் கணிப்பில் முதல் ஏ7 இதே நிலையில் சுமார் 70, ஏ7 ஆர் 2 சுமார் 140, ஏ7 3 சுமார் 165. இந்த விகிதம் மெல்ல மெல்ல நகரும், ஆனால் வரிசை அவ்வளவு எளிதில் மாறாது. ஏ7 3-க்கு மக்கள் கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் அதன் பேட்டரிக்காகவும் ஃபோகஸுக்காகவும்தான். சோனி தந்த கணக்கில் அதன் பேட்டரி திரையை வைத்து எடுத்தால் 710 படங்கள் தாங்கும்; ஏ7 2-இன் கணக்கு 350. கூடுதல் விலைக்கு அது நியாயமான காரணம் என்றே நினைக்கிறேன்.

நம் விற்பவர் கேட்டது 95. நண்பருக்குச் சபலம் வந்தது. எனக்கும் வந்ததை மறைக்கவில்லை. ஆனால் 140 பெறக்கூடியதை 95-க்குக் கொடுப்பவர் தெரியாமல் கொடுக்கிறார் என்று தெரிந்த பிறகு வாய்மூடி இருப்பது எனக்கு ஒப்பவில்லை. நண்பரும் கடைசியில் அவரிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு 140-லிருந்து இறங்கும் கணக்கு தொடங்கியது.

திரையின் மேற்பூச்சு ஓரங்களில் உரிந்திருந்தது. இந்த வரிசையில் அடிக்கடி காணப்படும் கோளாறு அது. பார்க்க அசிங்கமே தவிர வேலைக்குத் தடையில்லை என்பதால் 5 கழித்தேன். பேட்டரி சீக்கிரம் இறங்கியதால் இன்னொரு 5. வெள்ளைச் சுவரை எஃப்/16-இல் எடுத்த படத்தில் சில புள்ளிகள் தெரிந்தன; காற்று ஊதியதும் அவை இடம் மாறின, ஆகவே தூசிதான், அதற்குக் கழிவில்லை. அசையாமல் அதே இடத்தில் நிற்கும் ஒரு கோடு தெரிந்திருந்தால் சென்சாரில் கீறல் என்று சந்தேகித்து, வாங்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

கடினமானது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பது. இந்தக் கேமராக்கள் அதை மெனுவில் காட்டுவதில்லை. அசல் கோப்பிலிருந்துதான், exiftool என்ற நிரலைக் கொண்டு படிக்க வேண்டும்:

```
exiftool -Model -ShutterCount DSC00001.ARW
```

வந்த எண் 41,200. குறைவுதானே என்று நண்பர் மகிழ்ந்தார். சோனியின் சில மாடல்களில் இந்த எண் 65,536-ஐ எட்டியதும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குகிறது என்பதால் நான் மகிழவில்லை. அப்படியானால் 41,200 என்பது 1,06,736 ஆகவும் இருக்கலாம். இந்த இரண்டில் எது என்பதைக் கேமராவின் தோல்தான் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் மாட்டும் தண்டவாளத்தில் கறுப்பு தேய்ந்து உலோகம் வெளுத்திருந்தது. பட்டை மாட்டும் வளையங்களைச் சுற்றியும் வளைவாகத் தேய்ந்திருந்தது. பிடியின் ரப்பரில் நடுவிரல் பதியும் இடம் வழவழப்பாகியிருந்தது. 41,000 படங்களில் இவ்வளவு தேய்மானம் வருவது அரிது. நான் பெரிய எண்ணையே உண்மை என்று கொண்டு 15 கழித்தேன். ஷட்டரை மாற்ற நேர்ந்தால் ஆகும் செலவு இந்தக் கழிவைவிட மிக அதிகம்; ஆனால் அது நிச்சயமாக நேரும் என்று சொல்ல முடியாது என்பதால் முழுச் செலவையும் கழிப்பதில் நியாயமில்லை.

ஆக 115. விற்பவர் சற்று யோசித்துவிட்டு, தான் முதலில் கேட்டதைவிட இது அதிகமாயிற்றே என்று வியந்து, 112-க்கே கொடுத்துவிட்டார். நண்பர் டேப்பை இன்னும் உரிக்கவில்லை.