"சமமா பிரிச்சுக்கோங்க"ன்னு எழுதினா ஆச்சு, இல்லையா?

அந்த மாதிரி உயிலை நேத்துல இருந்து ஆளாளுக்குப் பகிர்ந்துக்கிட்டே இருக்கீங்க. கணவர் இல்லாத ஒரு அம்மா, "என் நகைகளையும் சேமிப்பையும் மகள்களும் பேத்திகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியது"ன்னு நாலே வரி. இது பின்னாடி சண்டையில முடியும்னு சொன்னேன். "ஃபீஸ் போயிரும்னு வக்கீலுக்குப் பயம்"னு பதில் வருது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், பதிவுகூடக் கட்டாயம் இல்ல. இதுல என்ன ஃபீஸ் கொட்டிக் கிடக்குன்னு எனக்கும் தெரியல.

வள்ளியூர்ப் பக்கம் ஒரு ஆச்சின்னு வச்சுக்கிடுவோம். மகள் ரெண்டு. மூத்தவளுக்கு ஒரு பொண்ணு, இளையவளுக்கு ரெண்டு. நகை 20 பவுன். "சமமா"ன்னா தலைக்கு 4 பவுனா? அப்போ மூத்தவ வீட்டுக்கு 8, இளையவ வீட்டுக்கு 12. இல்ல, வீட்டுக்கு 10 பவுனா? ரெண்டு பேருமே "அம்மா சொன்னது இதுதான்"னு நிப்பாங்க, ரெண்டு பேருமே பொய் சொல்லல. கேட்டுச் சொல்ல ஆச்சி இருக்க மாட்டாங்க. அதனாலதான் எந்த நகை யாருக்குன்னு ஒவ்வொண்ணா எழுதுங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன்.

"உயிலே இல்லாட்டாலும் பேத்திக்குப் போகத்தானே செய்யும்?" போகாது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மகள் உயிரோட இருக்கும்போது அந்த மகளோட பொண்ணுக்கு நேரடிப் பங்கு கிடையாது. பேத்திக்கு ஒரு குண்டுமணித் தங்கம் உரிமையா போகணும்னாலும் அதை உயில்தான் குடுக்கணும். அங்க போயி மொட்டையா எழுதினா எப்படி?

இப்படி எழுதுங்க:

"என் மூத்த மகளுக்கு, சிவப்புக்கல் முகப்பு வைத்த இரட்டைவடச் சங்கிலி, கல்லோடு சேர்த்து ஏறக்குறைய 40 கிராம். அவள் மகளுக்கு, என் தாய்வீட்டில் போட்ட நெளிவளையல் இரண்டு, ஏறக்குறைய 24 கிராம்."

"ஏறக்குறைய" ரொம்ப முக்கியம். பழைய நகையில கல்லும் அரக்கும் எடையில சேரும், கடைக்காரர் சொல்ற தங்க எடை வேற. வெறுமனே "5 பவுன் சங்கிலி"ன்னு எழுதி, பெட்டியில அந்த எடையில ரெண்டு சங்கிலி கிடந்தா எது யாருக்கு? அதனால முகப்பு, கல், கொக்கி அடையாளத்தை எழுதுங்க.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு இருக்கு. உயில் எழுதி ரெண்டு வருஷம் கழிச்சு ஆச்சி டவுனுக்குப் போயி அந்தச் சங்கிலியைப் போட்டுட்டுப் புது மாடல் வாங்கிருதாங்க. நம்ம ஊர்ல நடக்காத காரியமா இது? இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 152: குறிப்பிட்டுக் குடுத்த பொருள் சாகும்போது கையில இல்லன்னாலோ வேற பொருளா மாறியிருந்தாலோ அந்தக் கொடை செல்லாது. தங்கச் சங்கிலியைக் கோப்பையா மாத்தினா என்ன ஆகும்னு சட்டத்துலயே உதாரணம் இருக்கு. புதுச் சங்கிலி பெட்டியிலேயே கிடக்கும், மூத்த மகளுக்கு அதுல தனி உரிமை இருக்காது. இதுக்கு ஒரு வரி போதும்: "இந்நகையை நான் மாற்றினாலோ உருக்கிச் செய்தாலோ, பதிலாக வந்தது அவளையே சேரும்." அந்த மாதிரி உயில்ல இந்த வரி எங்க? தேடிப் பாருங்க.

அடகும் அப்படித்தான். வளையல் பேங்குல இருக்கும்போது ஆச்சி தவறிட்டா, உயில்ல வேற மாதிரி சொல்லலைன்னா, வாங்குற பேத்திதான் கடனைக் கட்டி மீட்கணும். "அடகுக் கடனை என் சேமிப்பிலிருந்து தீர்க்கவும்"னு எழுதிட்டா அந்தப் பிள்ளை தப்பிக்கும்.

"எங்க குடும்பத்துல சண்டை வராது"ன்னு ஒரு அண்ணாச்சி எழுதியிருக்காரு. சந்தோஷம். அப்புறம் அந்த உயில் மட்டும் எதுக்கு அண்ணாச்சி?

சேமிப்புக்கு வருவோம். வைப்பு ரசீது நம்பரை மட்டும் எழுதாதீங்க, புதுப்பிச்சா நம்பர் மாறலாம். "என் மரணத்தின்போது என் பெயரில் உள்ள பணத்தில் ஈமச்செலவும் கடனும் போக மீதி, ஐந்து பேருக்கும் தலைக்கு ஐந்தில் ஒன்று"ன்னு எழுதுங்க. "இளையவதான் நாமினி, பணம் அவளுக்குத்தான்"னு சொல்லுதவங்களுக்கு: நாமினி பணத்தை வாங்குற கை, அவ்வளவுதான். வாங்கி, உயில்ல உள்ளவங்களுக்குக் குடுக்கணும்.

சாட்சி குறைஞ்சது ரெண்டு பேர். ஆச்சி கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறதைக் கண்ணால பாத்து, ஆச்சி முன்னாடியே அவங்களும் போடணும். பங்கு வாங்குற மகளையோ மருமகனையோ சாட்சியா நிறுத்தாதீங்க, சந்தேகம் அங்கதான் மொளைக்கும். ஆச்சி வயசுக்காரங்களும் வேண்டாம், நாளைக்குக் கோர்ட்டுல வந்து சொல்ல ஆள் வேணும்லா.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருத்தர் "சும்மா பயம் காட்டாதீங்க சார்"னு வருவாரு, தெரியும். வாங்க. ஆனா உங்க வீட்டு உயிலைப் படம் எடுத்து "சரியான்னு பாருங்க"ன்னு கமெண்ட்டுல மட்டும் போடாதீங்க. காலையில ஒருத்தர் போட்டிருந்தாரு, நகைக் கணக்கு, வீட்டு விலாசம், லாக்கர் நம்பரோட. அழிக்கச் சொன்னதுக்கு அவருக்கும் என் மேல கோவம்.