"படங்கள்: நண்பர்கள்" என்றால் யார்?

ஞாயிற்றுக்கிழமை நடந்த புத்தக வெளியீட்டின் படங்களை முகநூலில் போட்டிருக்கும் பதிவைப் பற்றித்தான் சொல்கிறேன். அரங்கத்துக்கும் மைக் செட்டுக்கும் பெயர் சொல்லி நன்றி. மூன்று மணி நேரம் நின்று படம் எடுத்த இருவருக்கும் மட்டும் "படங்கள்: நண்பர்கள்". வருத்தமாக இருக்கிறது.

எடுத்தவர் பெயரை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதுங்கள். பதிவின் மேலே ஒருமுறை எழுதினால் போதாது. முகநூலில் தொகுப்பாகப் போடும் படங்களில் ஒன்றை மட்டும் ஒருவர் திறந்து பகிர்ந்தால், மேலே எழுதியது கூடப் போகாது. அந்தப் படத்துக்கென்று எழுதிய குறிப்புதான் போகும்.

"யார் எதை எடுத்தார்கள் என்று தெரியவில்லை" என்கிறார்கள். தெரியாமல் போனது வாட்ஸ்அப்பால். நிக்கான் கேமராவிலிருந்து வரும் கோப்பு DSC_0412.JPG என்று இருக்கும், கேனான் என்றால் IMG_2075.JPG. ஞாயிறன்று இருந்தவையும் இந்த இரண்டு கேமராக்கள்தான். கோப்புப் பெயரைப் பார்த்தாலே பிரித்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்கி ஆண்ட்ராய்டு போனில் சேமித்தால் எல்லாமே IMG-20250112-WA0031.jpg மாதிரி ஆகிவிடும். படத்துக்குள் பதிந்திருக்கும் கேமரா, நேரம், எடுத்தவர் விவரங்களும் அழிந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், எல்லாம் அப்படியே வரும். ஆளுக்கொரு ஃபோல்டரில் போட்டுவிட்டுப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

"காசு கொடுத்துத்தானே எடுக்கச் சொன்னோம்?" இந்தக் கேள்விதான் ரொம்ப வலித்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் உரிமையாளர். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்கிறது 57ஆம் பிரிவு. நீங்கள் கொடுத்த காசு அவர் பெயருக்கான விலை இல்லை.

டேக் செய்ததும் குழப்பம். எடுத்தவரைக் குழுப்படத்தில் ஒரு முகத்தின் மேல் டேக் செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் படத்தில் இருப்பவர் அவர் என்றுதான் அர்த்தம். எடுத்தவர் பெயரை @ போட்டுக் குறிப்பில் சேர்க்க வேண்டும். புத்தகத்தை மொழிபெயர்த்தவருக்குப் பதில் அதே பெயருள்ள யாரோ ஒருவர் டேக் ஆகியிருக்கிறார். இப்போது முன்பின் தெரியாத அவருடைய நண்பர்கள் வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள், உழைத்தவருக்கு ஒரு வாழ்த்தும் இல்லை! பட்டியலில் முதலில் வரும் பெயரைத் தட்டாதீர்கள். பக்கத்தைத் திறந்து முகத்தைப் பாருங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் பெயரை வெறும் எழுத்தாக எழுதுங்கள்.

குழுப்படத்துக்கு "அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்" என்ற பழைய பத்திரிகை முறையே போதும். செல்ஃபி என்றால் மட்டும் பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். எழுத்து கண்ணாடியில் பார்ப்பது மாதிரித் தெரிந்தால் இடம் வலம் மாறியிருக்கிறது.

"இதெல்லாம் பெரிய வேலை" என்பவர்களுக்கு: 43 படங்கள், எடுத்தவர்கள் இரண்டே பேர். ஒரு வரியை நகலெடுத்து 43 முறை ஒட்ட அரை மணி நேரம் ஆகுமா? பதிவை இன்றும் திருத்தலாம். அங்கிருந்து நேரடியாகப் பகிர்ந்தவர்களுக்கும் திருத்தியதுதான் தெரியும். இறக்கி மறுபடி ஏற்றிய படங்களில் மட்டும் இனி ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் இன்றைக்கே திருத்தச் சொல்கிறேன்.