துணியின் எடையை எழுத என்ன கேடு?

ஆன்லைனில் துணி விற்கிறவர்களே, அரிசி விற்றால் கிலோ எழுதுகிறீர்கள், எண்ணெய் விற்றால் லிட்டர் எழுதுகிறீர்கள். துணிக்கு மட்டும் "ப்ரீமியம்", "சாஃப்ட்", "பார்ட்டி வேர்" என்று அடுக்கிவிட்டு, அது எவ்வளவு கனம் என்பதை ஏன் முழுங்கிவிடுகிறீர்கள்? தெரியாதா உங்களுக்கு? ஈரோட்டிலும் சூரத்திலும் மொத்தத்தில் வாங்கும்போது இதைக் கேட்காமலா வாங்குகிறீர்கள்? எத்தனை கவுண்ட் நூல், என்ன அகலம், எவ்வளவு ஜி.எஸ்.எம். என்று துருவித் துருவிக் கேட்டுத்தானே பேரம் பேசுகிறீர்கள்? உங்களுக்குத் தெரிந்த கணக்கு எங்களுக்கு மட்டும் எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள்?

நான் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், ஆனால் என் கடையில் நாள் முழுக்கத் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும். முன்பெல்லாம் நல்ல நாள் வந்தால் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறித் துணி எடுப்பார்கள். கடையில் தானை விரித்துப் போடச் சொல்லி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் காசை எடுப்பார்கள். இப்போது போனில் ஆர்டர் போட்டு, பிரிக்காத பார்சலை அப்படியே என் மேசையில் வைக்கிறார்கள். அதைப் பிரிக்கும்போது அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டியது நான்.

போன ஓணத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கிரீம் கலர் டாப் தைத்து, கசவு பார்டர் வைத்துப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு டீச்சர் எல்லாருக்குமாகச் சேர்த்து ஆர்டர் போட்டார். தலைப்பில் கொட்டை எழுத்தில் "பியூர் காட்டன்". ஆளுக்கு இரண்டரை மீட்டர். படத்தில் இருக்கிற பெண் போட்டிருந்த டாப்பில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை, நல்ல கனமான துணி மாதிரி நின்றது. வந்ததைப் பிரித்து உள்ளே கையை விட்டேன். என் கைரேகை வரைக்கும் தெரிகிறது!

"அக்கா, பியூர் காட்டன்னுதானே போட்டிருந்தான்?" என்றார் டீச்சர். அவர் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து, "கீழே தள்ளுங்க டீச்சர், இன்னும் கீழே" என்றேன். படங்களைத் தாண்டி, சலுகைகளைத் தாண்டி, ஒரு பட்டனை அழுத்தித் திறக்கிற விவரப் பெட்டியில் "ஃபேப்ரிக்: காட்டன் பிளெண்ட்" என்று இருந்தது. மேலே பியூர், கீழே பிளெண்ட். எத்தனை சதவீதம் என்பதும் இல்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது? நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

அதே பெட்டியில் இன்னும் இரண்டு விஷயம் இருந்தது. எடை 220 கிராம், அகலம் 44 இன்ச். ஜி.எஸ்.எம். எழுதவில்லை. ஆனால் இந்த இரண்டும் இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம், இதைத்தான் நான் எல்லாரிடமும் கத்திக் கத்திச் சொல்கிறேன். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது, அவ்வளவுதான். 44 இன்ச் என்பது 1.12 மீட்டர். இரண்டரை மீட்டர் நீளத்தை அதனால் பெருக்கினால் 2.8 சதுர மீட்டர். 220-ஐ 2.8-ஆல் வகுத்தால் 79 கிராம் கூட வரவில்லை. அந்த எடையில் பார்சல் கவரும் சேர்ந்திருந்தால் துணி அதைவிடவும் மெலிசு.

79 என்றால் கையில் எப்படி இருக்கும்? மல்மல், வாயில் மாதிரித் துணிகள் ஏறக்குறைய 60-லிருந்து 80-க்குள் வரும். கேம்ப்ரிக் 100 பக்கம். சட்டைக்குப் போடுகிற பாப்ளின் 110, 120 என்று போகும். என் மேசையில் நான் கண்டவரை கிரீம், வெள்ளை மாதிரி வெளிர் நிறத்தில் 120-க்குக் கீழே இறங்கினால் லைனிங் இல்லாமல் போட முடியாது. அதே 80-ல் கறுப்போ கருநீலமோ என்றால் சமாளித்துவிடலாம். எடை மட்டுமே எல்லாம் சொல்லிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய நூலை நெருக்கி நெய்த 100 கிராம் துணி உடம்பை மறைக்கும், தடித்த நூலைத் தளர நெய்த 100 கிராம் துணியில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஆனாலும் எடை தெரிந்தால் பாதி ஏமாற்றம் ஆர்டர் போடும் முன்பே தீர்ந்துவிடும். அதைத்தான் மறைக்கிறார்கள்.

சிலர் எடை போடுகிறேன் என்று மீட்டருக்கு இத்தனை கிராம் எனப் போட்டுவிடுகிறார்கள், அது இன்னொரு குழப்பம். 58 இன்ச் அகலத் துணியில் மீட்டருக்கு 200 கிராம் என்றால் கனமாகத் தோன்றும். அகலம் 1.47 மீட்டர், வகுத்துப் பார்த்தால் 136 ஜி.எஸ்.எம்.தான். ஆகவே எண்ணைப் பார்த்தவுடன் சதுர மீட்டருக்கா, நீள மீட்டருக்கா என்று பாருங்கள். அகலமே போடாத துணியைத் தொடாதீர்கள். 36 இன்ச் துணி வந்துவிட்டால் இரண்டரை மீட்டரில் கை வைக்கவே பத்தாமல் போகும், அந்தத் திட்டும் தையல்காரிக்குத்தான் விழும்.

சரி, டீச்சர் துணிக்கு வருகிறேன். கழுவினாலோ வெட்டினாலோ திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் கத்தரி வைக்கும் முன்பே, வெட்டின ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒன்று உருவினேன். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும், பல பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பாவு நூலை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். காகிதம் எரிகிற வாசனை, விரலில் தேய்த்தால் பொடிகிற சாம்பல். அது பருத்தி மாதிரி. ஊடை நூல் தீ பட்டதும் சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி கட்டிக்கொண்டது. பாலியஸ்டர். ஒரு பக்கத்து நூலை மட்டும் எரித்திருந்தால் சுத்தப் பருத்தி என்றே நம்பியிருப்போம்.

ரேயான் விஷயத்தில் இந்த நெருப்புச் சோதனையும் கைவிட்டுவிடும். ரேயானும் பருத்தி மாதிரியேதான் எரியும், அதே காகித வாசனைதான் வரும். அதற்கு நூலை நனைத்துப் பாருங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இன்னும் உறுதியாகும், இழுத்தால் எதிர்த்து நிற்கும். ரேயான் நூல் ஈரத்தில் பலம் இழந்து சட்டென்று அறுந்துவிடும். "காட்டன் சில்க்" என்று வருகிற மலிவுத் துணிகளில் நான் எரித்துப் பார்த்த நூல்களில் பெரும்பாலும் முடி கருகுகிற வாசனை வரவேயில்லை. நிஜப் பட்டென்றால் அந்த வாசனை வந்தே தீரும்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மாடலின் முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கி, உள்ளே லைனிங் கொடுத்து, எதிரே விளக்கு வைத்து எடுக்கிற படத்தில் துணி என்ன சொல்லும்? பூப்போட்ட துணி என்றால் ஒன்று பாருங்கள். மடிப்பு விழுகிற இடத்தில் பூவும் மடிந்து உடைய வேண்டும். மடிப்பைக் கண்டுகொள்ளாமல் பூ நேராக ஓடினால், டிசைனைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள், அந்தத் துணியை அவர்கள் போட்டோவே எடுக்கவில்லை.

ரிவ்யூ பார்த்துத்தான் டீச்சர் வாங்கினார். நாலு நட்சத்திரத்துக்கு மேல் இருந்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம். "நல்ல திக்கா இருக்கு, டிரான்ஸ்பரண்ட் இல்லை" என்று மனதாரப் பாராட்டியவர்கள் போட்டிருந்த படம் எல்லாம் கருநீலத் துணி! எல்லா நிறத்துக்கும் ஒரே ரிவ்யூப் பெட்டி. கருநீலம் வாங்கியவரின் நட்சத்திரம் கிரீம் துணிக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. கிரீம் வாங்கிய ஒரே ஒரு பெண்மணி, "லைனிங் இல்லாமல் போட முடியாது, முதல் கழுவலில் கஞ்சி போய் வலை மாதிரி ஆகிவிட்டது" என்று எழுதியிருந்தார். அது எங்கேயோ அடியில் கிடந்தது. மேலே முழுக்க "நைஸ் பிராடக்ட்", "ஃபாஸ்ட் டெலிவரி". டெலிவரி பையனுக்குக் கொடுத்த மார்க்கை வைத்து துணி வாங்கச் சொல்கிறார்களா?

இப்படி நுகர்வோர் ரிவ்யூக்களைச் சேகரித்து வெளியிடுவது எப்படி என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-லேயே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. கொண்டுவந்து, விருப்பம் இருந்தால் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டார்கள். விருப்பம் யாருக்கு இருக்கப் போகிறது?

ஆகவே ரிவ்யூவில் நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். உங்கள் நிறத்தை வாங்கியவர் யார் என்று தேடுங்கள். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள், துணியைப் பற்றி அங்கேதான் பேச்சு இருக்கும். துவைத்த பிறகு எழுதினதா, பார்சல் வந்த அன்றைக்கே எழுதினதா என்று பாருங்கள். புதுத்துணியில் ஏற்றியிருக்கிற கஞ்சி விறைப்பைப் பார்த்து "திக்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. கஞ்சி போன பிறகு எடையும் குறையும், நூலுக்கு நடுவே சந்தும் தெரியும்.

அந்தத் துணியை டீச்சர்கள் திருப்பி அனுப்பவில்லை. ஓணம் தலைக்கு மேல் வந்துவிட்டது, திருப்பினால் வேறு வாங்க நாள் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து கிரீம் கலர் காட்டன் லைனிங் வரவழைத்து, இரண்டையும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து, அப்புறம்தான் வெட்டினேன். லைனிங்குக்கு ஆன காசு, கூடுதல் தையல்கூலி எல்லாம் சேர்த்தால், கடையில் போய் நல்ல கனத்தில் அசல் பருத்தியே எடுத்திருக்கலாம். ஒவ்வொரு டீச்சரும் அந்தக் கூடுதல் காசைப் பர்சிலிருந்து எண்ணி வைத்தபோது எனக்கு வாங்கவே மனசில்லை. விற்றவனுக்கு இதில் ஒரு பைசா நஷ்டம் இல்லை.

அந்தத் துணி இன்னமும் விற்கிறது. அடியில் கேள்வி கேட்கிற இடத்தில் யாரோ ஒருவர் "ஜி.எஸ்.எம். எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். விற்பவர் பதில் போட்டிருக்கிறார்: "வெரி குட் குவாலிட்டி மேடம்." எடையைக் கேட்டால் எடையைச் சொல்லத் தெரியாத, அல்லது சொல்ல விரும்பாத கடைக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கேட்டவுடன் அகலமும் எடையும் சதவீதமும் எழுதி அனுப்புகிற சின்ன வியாபாரிகளும் இருக்கிறார்கள், நானே அவர்களிடம் வாங்குகிறேன். அவர்களிடமும் முதலில் அரை மீட்டர் மட்டும் வாங்கி, நூலை உருவி எரித்து, நனைத்து, ஒருமுறை துவைத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடத்துக்கே சேர்த்து ஆர்டர் போடச் சொல்கிறேன்.