வெள்ளவத்தை சரி, தெஹிவளை?

அக்காவின் மகள் உயர்தரத்துக்கு அளவையியல் படிக்கிறாள். நேற்று அவளுடைய கொப்பியில் இந்த நியாயத்தொடை இருந்தது:

கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் உள்ள இடங்கள் எல்லாம் கொழும்பு மாவட்டத்தில் உள்ளன.
வெள்ளவத்தை கொழும்பு மாவட்டத்தில் உள்ளது.
ஆகவே, வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் உள்ளது.

‘வாய்ப்பானது’ என்று எழுதியிருந்தாள். அதாவது, முதல் இரண்டு வரிகளான எடுகூற்றுகள் உண்மையானால் முடிவும் கட்டாயம் உண்மையாகும் என்று. பிழை என்றேன். "மாமா, நாங்கள் இருக்கிறதே வெள்ளவத்தையில். குப்பை எடுக்க வருவது மாநகர சபை லொறிதானே?" என்று மல்லுக்கு நின்றாள்.

முடிவு உண்மைதான், இரண்டு எடுகூற்றுகளும் உண்மைதான். ஆனால் அந்த முடிவு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது. எடுகூற்றுகள் அதைத் தரவில்லை. வெள்ளவத்தை இருந்த இடத்தில் தெஹிவளையைப் போட்டுப் பார் என்றேன். தெஹிவளையும் கொழும்பு மாவட்டம்தான், ஆனால் அதற்குத் தெஹிவளை-கல்கிசை மாநகர சபை தனியாக இருக்கிறது. வாதத்தின் வடிவம் அப்படியே இருக்க, எடுகூற்றுகள் உண்மையாகவும் முடிவு பொய்யாகவும் வந்துவிட்டன. வாய்ப்பான வடிவத்தில் இது நடக்கவே முடியாது.

படமாகவும் போட்டோம். பெரிய வட்டம் மாவட்டம், உள்ளே சின்ன வட்டம் மாநகர சபை. இரண்டாவது எடுகூற்று வெள்ளவத்தைக்கான புள்ளியைப் பெரிய வட்டத்துக்குள் எங்காவது வை என்கிறது, அவ்வளவுதான். சின்ன வட்டத்துக்கு வெளியே வைக்க இடம் இருக்கும்வரை முடிவு கட்டாயமாகாது. ‘நடுப்பதம் வியாப்தியடையவில்லை’ என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். என்னைக் கேட்டால், அந்தப் பெயரை மனப்பாடம் பண்ண வைப்பதற்கு முன் தெஹிவளையைத் தேட வைக்க வேண்டும். அரிஸ்டாட்டிலே தப்பான வடிவங்களை இப்படிப் பதங்களை மாற்றிப் போட்டுத்தான் தள்ளினார்.

இதில் அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1983இல் எவன்ஸ், பார்ஸ்டன், பொலார்ட் என்ற மூன்று உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். வாய்ப்பற்ற வாதத்தின் முடிவு நம்பும்படி இருந்தபோது 71 வீதம் ஏற்கப்பட்டது. நம்ப முடியாததாக இருந்தபோது வெறும் 10 வீதம். அவளும் முதலில் தெஹிவளையைப் பார்த்திருந்தால் உடனே மூக்கைச் சுளித்திருப்பாள்.

ஒன்று மட்டும் கவனம். தெஹிவளை போல எதிருதாரணம் ஒன்று கிடைத்தால் வாதம் விழுந்தது. கிடைக்காவிட்டால் வாய்ப்பானது என்று ஆகாது. நாம் சரியாகத் தேடாமலும் இருந்திருக்கலாம். அப்போது வட்டங்களுக்குத்தான் திரும்ப வேண்டும்.

சரி, நீயே இன்னொன்று சொல் என்றேன். "கோட்டை" என்றாள். எந்தக் கோட்டை என்று கேட்டேன். ரயில் நிலையம் இருக்கும் கொழும்புக் கோட்டை என்றால் உதவாது, அது மாநகர சபைக்குள்தான் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை என்றால் சரி, அதற்கும் தனி மாநகர சபை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாராளுமன்றம் இருக்கிற கோட்டை மாமா" என்றாள்.